கல்யாண நகை ஒரு கணக்கு, சேமிப்புத் தங்கம் இன்னொரு கணக்கு

கேள்வி: எனக்கு 41 வயது, மனைவிக்கு 37. ஈரோட்டில் இருவரும் வேலை பார்க்கிறோம். ஒரே மகள், 9 வயது. வீட்டில் 40 பவுன் நகை இருக்கிறது. பி.எஃப். 14 லட்சம், வங்கி டெபாசிட் 6 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 5 லட்சம். மாதம் 10,000 ரூபாய் நகைக்கடைச் சீட்டு கட்டி வந்தோம், இந்த மாதம் முடிகிறது. மறுபடி சேரலாமா, இல்லை நகையாக இல்லாமல் வேறு வழியில் தங்கம் வாங்கலாமா? மொத்த சேமிப்பில் தங்கம் எவ்வளவு இருக்கலாம்?

பதில்:

மறுபடி சேர வேண்டாம். அந்த 10,000-ல் 6,000 ரூபாயை மகளின் படிப்புக்காக, சென்செக்ஸ் போன்ற குறியீட்டை அப்படியே பின்தொடரும் பங்குச்சந்தை இண்டெக்ஸ் ஃபண்டில் போடுங்கள். 4,000 ரூபாய்க்கு மட்டும், நகையாக இல்லாமல், பங்கு போலச் சந்தையில் வாங்கி விற்கும் தங்க ஃபண்டான கோல்டு இ.டி.எஃப். வாங்குங்கள். ஏன் இந்தப் பிரிவு என்பதற்கு முதலில் உங்கள் 40 பவுனைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கணக்கு எளிதாக இருக்க 22 கேரட் கிராம் 12,500, அதாவது பவுன் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் படிக்கும் நாளில் விலை வேறாக இருக்கும், ஆனால் விகிதங்கள் பெரிதாக மாறாது. இந்த விலையில் 40 பவுன் 40 லட்சம். மற்ற சேமிப்பு 25 லட்சம். மேலோட்டமாகப் பார்த்தால் 65 லட்சத்தில் 60 சதவீதத்துக்கு மேல் தங்கம். எந்த நிதி ஆலோசகரும் "இது மிக அதிகம், விற்றுவிடுங்கள்" என்றுதான் சொல்வார். அந்த ஆலோசனை உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

தாலிக்கொடி, உங்கள் மனைவி தினமும் போடும் சங்கிலி, வளையல், விசேஷத்துக்கு எடுக்கும் ஆரம் எல்லாம் சேர்த்து ஒரு 15 பவுன் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். அது உடைமை. அதைச் சேமிப்புக் கணக்கில் எழுதவே வேண்டாம். மீதி 25 பவுன் லாக்கரில் இருக்கிறது, மகளுக்கென்று மனதில் வைத்திருப்பீர்கள். இதுவும் முதலீடு என்று சொல்ல முடியாது. "மகளுக்கு 25 பவுன்" என்பது நீங்கள் உங்களுக்கே வைத்துக்கொண்ட கடமை. அந்தக் கடமை ரூபாயில் இல்லை, பவுனில் இருக்கிறது. பவுன் ஒன்றரை லட்சம் ஆனாலும் எழுபதாயிரம் ஆனாலும் கொடுக்க வேண்டியது 25 பவுன்தான், கையில் இருப்பதும் 25 பவுன்தான். விலை ஏறினால் நீங்கள் பணக்காரர் ஆவதில்லை, இறங்கினால் நஷ்டமும் இல்லை. ஆகவே இதையும் முதலீட்டுக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம்.

அப்படிப் பார்த்தால் உங்களிடம் முதலீட்டுத் தங்கம் ஒரு கிராம்கூட இல்லை. அதனால்தான் சீட்டை நிறுத்தச் சொல்லும் அதே வாயால் 4,000 ரூபாய்க்குத் தங்கம் வாங்கவும் சொல்கிறேன். முதலீட்டுத் தங்கத்துக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றுதான்: விலை உச்சத்தில் இருக்கும் ஒரு நாளில் வீட்டில் யாரிடமும் சம்மதம் கேட்காமல், யார் மனமும் நோகாமல் அதை விற்க முடியுமா? நகையில் அது நடப்பதில்லை.

சரி, சேமிப்பில் தங்கம் எதற்கு? தங்கம் வட்டி தராது, லாபப் பங்கு தராது. மற்றவை விழும்போது பெரும்பாலும் அவற்றோடு சேர்ந்து விழாமல் நிற்பதே அதன் வேலை. 2008-ல் சென்செக்ஸ் பாதிக்கும் மேல் விழுந்தது. அந்த ஆண்டு ரூபாயில் தங்கம் ஏறியது. இந்தியாவில் விற்கும் தங்கத்தின் விலை மூன்று விஷயங்களில் நிற்கிறது: உலகச் சந்தையில் டாலர் விலை, டாலருக்கு நாம் தரும் ரூபாய், இறக்குமதி வரி. ரூபாய் பலவீனமானால் உலக விலை அசையாமலே நமக்கு விலை ஏறும். நாட்டுக்கு நெருக்கடி வரும்போது ரூபாயும் பங்குச்சந்தையும் சேர்ந்தே அடிவாங்குவது வழக்கம். அந்த நேரத்தில் தங்கம் கை கொடுப்பதற்கு இது முக்கியக் காரணம்.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 2012 இறுதியில் 10 கிராம் சொக்கத் தங்கம் 30,000 ரூபாயைச் சுற்றி இருந்தது. 2018 நடுவிலும் ஏறக்குறைய அதே இடம்தான். ஐந்தரை ஆண்டுகள் ஒன்றுமே நடக்கவில்லை. உண்மையில் டாலரில் தங்கம் அந்தக் காலத்தில் கணிசமாக விழுந்திருந்தது. ரூபாய் பலவீனமானதும், 2013-ல் இறக்குமதி வரி 10 சதவீதம் வரை உயர்ந்ததும்தான் நம் விலையைத் தாங்கிப் பிடித்தன. வரி எதிர்த்திசையிலும் போகும். 2024 ஜூலை பட்ஜெட்டில் வரியை 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைத்த அன்றே சென்னையில் பவுனுக்குச் சுமார் 2,000 ரூபாய் இறங்கியது. கடந்த சில ஆண்டு ஏற்றத்தை மட்டும் பார்த்துவிட்டு "தங்கம் இறங்கவே இறங்காது" என்று நினைப்பவர்கள் இந்த ஐந்தரை ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே 25 லட்சத்தில் 10 சதவீதம், அதாவது 2.5 லட்சம் என்பது உங்களுக்கு நல்ல இலக்கு. 15-க்கு மேல் போக நான் சொல்ல மாட்டேன்.

அந்த 2.5 லட்சத்தை ஏன் நகையாகச் சேர்க்கக் கூடாது? ஒரு பவுன் சங்கிலி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். தங்கம் ஒரு லட்சம். சேதாரமும் செய்கூலியும் சேர்த்து 12 சதவீதம் என்றால் 12,000. இந்த 1,12,000 மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. 3,360. கையிலிருந்து போவது 1,15,360. மறுநாளே விற்கப் போனால் சேதாரமும் வரியும் திரும்பி வராது. கடைக்காரர் 2 சதவீதம் கழித்து எடுத்தால் கிடைப்பது 98,000. போட்ட பணம் திரும்பி வரவே தங்கம் கிட்டத்தட்ட 18 சதவீதம் ஏற வேண்டும். கல் வைத்த நகை, ஆன்டிக் வேலைப்பாடு என்றால் சேதாரம் 20 சதவீதத்தைத் தாண்டும், பள்ளம் இன்னும் ஆழமாகும். போட்டு அழகு பார்க்கும் நகைக்கு இந்தக் கூலி நியாயமானதுதான், ஆசாரியின் உழைப்பு அது. லாக்கரில் தூங்கப் போகும் தங்கத்துக்கு எதற்கு இதைக் கொடுக்க வேண்டும்?

நகைச்சீட்டு இந்த இடத்தில்தான் ஆசை காட்டும். பதினொரு மாதம் கட்டினால் சேதாரம் இத்தனை சதவீதம் வரை தள்ளுபடி என்பார்கள். நகை வாங்கியே ஆக வேண்டும் என்றால் அது உண்மையான லாபம். உங்களுக்குத் தேவையான நகை ஏற்கெனவே இருக்கிறது, அதனால் தேவையில்லாத பொருளில் கிடைக்கும் தள்ளுபடி அது. இன்னொன்றும் கவனியுங்கள். சீட்டு பெரும்பாலும் பதினொரு மாதத்தில் முடிவதற்குக் காரணம் சட்டம். பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் ஈடு செய்துவிட்டால் நிறுவனங்களுக்கு அது "டெபாசிட்" ஆகாது. டெபாசிட் இல்லையென்றால் வங்கிப் பணத்துக்கு இருக்கும் 5 லட்ச ரூபாய் காப்பீடு போன்ற எந்தப் பாதுகாப்பும் இல்லை. கடை மூடினால் மற்றக் கடன்காரர்களோடு நீங்களும் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

நகைக்கு வெளியே இருக்கும் வழிகளில், 24 கேரட் நாணயத்தைத்தான் பலரும் முதலில் நினைப்பார்கள். சேதாரம் நகையைவிடக் குறைவு, ஆனால் ஜி.எஸ்.டி. 3 சதவீதம் உண்டு, அச்சுக் கூலியும் உண்டு. வங்கியில் வாங்கினால் அதே வங்கி திரும்ப வாங்காது, நகைக்கடைக்குத்தான் போக வேண்டும். பிற்பாடு அதைக் கொடுத்து நகை எடுத்தால் புது நகைக்கு மறுபடி ஜி.எஸ்.டி. வரும். கைபேசிச் செயலிகளில் 10 ரூபாய்க்கும் கிடைக்கும் டிஜிட்டல் தங்கத்துக்கும் அந்த 3 சதவீதம் உண்டு. அதற்கு மேல் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே ஒரு இடைவெளி வைத்திருப்பார்கள். ஒரே நிமிடத்தில் இரண்டு விலையையும் பார்த்தால் அது எவ்வளவு என்று தெரிந்துவிடும். இது தங்கள் கண்காணிப்புக்குள் வராத பொருள் என்று 2025 நவம்பரில் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி வெளிப்படையாக எச்சரித்தது. நான் இதைத் தொடுவதில்லை, உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

தங்க விலையோடு சேர்ந்து மதிப்பு மாறும் அரசின் தங்கப் பத்திரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்னும் பலர் அதைத் தேடுகிறார்கள். 2015 நவம்பரில் வந்த முதல் பத்திரத்தின் விலை கிராமுக்கு 2,684 ரூபாய். எட்டாண்டு கழித்து 2023 நவம்பரில் 6,132 ரூபாய் கொடுத்து அரசு முடித்தது. ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 11 சதவீத வளர்ச்சி, அதற்கு மேல் 2.75 சதவீத வட்டி. சேதாரம் இல்லை, லாக்கர் வாடகை இல்லை, முதிர்வில் லாபத்துக்கு வரி இல்லை. இவ்வளவு நல்ல வழி சாதாரணக் குடும்பத்துக்குத் தங்கத்தில் வேறு கிடைத்ததில்லை என்றே நினைக்கிறேன். 2024 பிப்ரவரியில் கிராம் 6,263 ரூபாய்க்கு வந்த தவணைக்குப் பிறகு அரசு புதிதாக வெளியிடவில்லை. அப்போதே வாங்கியவர்கள் கடைசி வரை வைத்திருக்கட்டும்.

பழைய பத்திரங்கள் பங்குச்சந்தையில் கைமாறுகின்றன, SGBFEB32IV என்பது போன்ற பெயர்களில். பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கு இருந்தால் வாங்கலாம். ஆனால் இரண்டு இடத்தில் மக்கள் சறுக்குகிறார்கள். பிந்தைய தவணைகளுக்கு வட்டி 2.5 சதவீதம், அது முழுதாகக் கிடைக்கும் என்று நினைத்து வாங்குவார்கள். அந்த வட்டி வெளியீட்டு விலை மேல்தான். 6,263-க்கு 2.5 சதவீதம் என்றால் ஆண்டுக்குச் சுமார் 157 ரூபாய். நம் கணக்குப்படி 24 கேரட் கிராம் ஏறக்குறைய 13,650. அந்த விலையில் வாங்குபவருக்கு வட்டி 1.15 சதவீதம்தான், அதற்கும் வருமான வரி உண்டு. இன்னொன்று, முதிர்வில் வரிவிலக்கை உறுதியாக நம்பக்கூடியவர் முதல் வெளியீட்டில் வாங்கி முதிர்வு வரை வைத்திருப்பவர். சந்தையில் வாங்குபவர் அந்த விலக்கைக் கணக்கில் சேர்க்காமல் விலையைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்த பிறகும் அன்றைய 24 கேரட் விலையைவிட மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம். அதிகமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

மீதி இருப்பது கோல்டு இ.டி.எஃப். உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஃபண்ட் நிறுவனம் மொத்தமாகத் தங்கக் கட்டி வாங்கிப் பாதுகாப்பாளரிடம் வைத்திருக்கும், அதன் சிறு துண்டுக்கு நீங்கள் உரிமையாளர். செபியின் கண்காணிப்பு உண்டு. வாங்கும்போது நீங்கள் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டியதில்லை, சேதாரம் என்ற பேச்சே இல்லை. ஆண்டுச் செலவு அரை சதவீதத்தைச் சுற்றி இருக்கும், ஃபண்டுக்கு ஃபண்ட் மாறும். பத்தாண்டு வைத்திருந்தால் மொத்தம் 5 சதவீதம் அளவுக்குக் கரையும், அதையும் மறந்துவிட வேண்டாம். நகையிலோ அதைப்போல மூன்று மடங்கு முதல் நாளிலேயே போய்விடுகிறது.

வாங்கும் முறையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இ.டி.எஃப். யூனிட்டின் சந்தை விலை அதற்குள் இருக்கும் தங்கத்தின் மதிப்பிலிருந்து விலகிப் போகலாம். உள்மதிப்பை ஃபண்ட் நிறுவனத்தின் தளத்தில் iNAV என்று நாள் முழுக்கக் காட்டுவார்கள். அட்சய திருதியை, தந்தேரஸ் போன்ற நாள்களிலும், விலை பாய்ந்து ஏறும் நாள்களிலும் எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்க வருவதால் சந்தை விலை அதற்கு மேலே போய் நிற்கும். உள்மதிப்பைவிட அரை சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தால் அன்று விட்டுவிட்டு அடுத்த வாரம் வாங்குங்கள். தினமும் நிறையக் கைமாறும் இ.டி.எஃப்.-ஆகத் தேர்ந்தெடுங்கள், வந்த விலைக்கு வாங்கும் "மார்க்கெட் ஆர்டர்" போடாமல், நீங்கள் சொல்லும் விலைக்கு மேல் வாங்காத "லிமிட் ஆர்டர்" போடுங்கள். இதெல்லாம் தொந்தரவு, டீமேட் வேண்டாம் என்றால் கோல்டு ஃபண்டில் மாதத் தவணை போடலாம். அது உள்ளே இ.டி.எஃப்.-ஐத்தான் வாங்கும், கொஞ்சம் கூடுதல் செலவு இருக்கும். வரியிலும் வித்தியாசம் உண்டு. இ.டி.எஃப்.-ஐ 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் லாபத்துக்கு 12.5 சதவீதம். கோல்டு ஃபண்டுக்கும் கையில் இருக்கும் தங்கத்துக்கும் அந்த எல்லை 24 மாதம். அதற்குள் விற்றால் லாபம் உங்கள் வருமானத்தோடு சேரும். பங்கு ஃபண்டுக்குக் கிடைக்கும் 1.25 லட்ச விலக்கு தங்கத்துக்குக் கிடையாது.

மாதம் 4,000 என்றால் ஐந்தாண்டில் போட்ட பணம் 2.4 லட்சம். அதற்குள் உங்கள் மற்ற சேமிப்பும் வளர்ந்திருக்கும், எனவே தங்கம் 10 சதவீதத்துக்குக் கீழேதான் நிற்கக்கூடும். பரவாயில்லை. இவ்வளவு ஏறிய பிறகு ஒரே நாளில் மொத்தத்தையும் வாங்குவதைவிட இப்படி மெதுவாகப் போவது நல்லது.

அப்புறம் விற்பது. ஆண்டுக்கு ஒருமுறை, வருமான வரிக் கணக்கு எடுக்கும் வேளையில், சதவீதத்தைப் பாருங்கள். 25 லட்சத்தில் 2.5 லட்சம் தங்கம் என்ற நிலை வந்த பிறகு, தங்கம் இரட்டிப்பாகி 5 லட்சமானது, மற்றவை 24 லட்சம் ஆயின என்று வைப்போம். தங்கம் 17 சதவீதம். இதை மறுபடி 10-க்குக் கொண்டுவர சுமார் 2.1 லட்சத்துக்கு விற்க வேண்டும். அதில் பாதி லாபம், 1.05 லட்சம். வரி செஸ் சேர்த்து சுமார் 13,650 ரூபாய். விற்ற பணம் அப்போது பின்தங்கியிருக்கும் இண்டெக்ஸ் ஃபண்டுக்குப் போக வேண்டும். வரி கசக்கிறது என்றால் முதலில் தங்கத்துக்கான மாதத் தவணையை நிறுத்தி அந்த 4,000-ஐ மற்றதில் போடுங்கள். ஓரளவு தானாகவே சரியாகும். 15-க்கு மேல் போனால் மட்டும் விற்கலாம். தங்கம் வைத்திருப்பதன் பலன் இந்த விற்பனையில்தான் கைக்கு வருகிறது. ஏறும்போது விற்காமல், இறங்கும்போது அலுத்துப்போய் விற்பவருக்கு அது கிடைப்பதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, லாக்கரில் இருக்கும் 25 பவுனை விற்று இ.டி.எஃப்.-ஆக மாற்றிவிடலாமே என்று தோன்றலாம். செய்யாதீர்கள். சேதாரமும் வரியும் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, இப்போது விற்றால் கழிவும் லாப வரியும் கூடுதலாகப் போகும். அதைவிட முக்கியமான காரணம் நகைக்கடன். நகை மேல் ஒரு மணி நேரத்தில் வங்கியில் பணம் வாங்கலாம். ரிசர்வ் வங்கியின் 2025-ம் ஆண்டு விதிகளின்படி சிறு கடன்களுக்கு, 2.5 லட்சம் வரை, மதிப்பில் 85 சதவீதம் வரையும், 5 லட்சத்துக்கு மேல் 75 சதவீதம் வரையும் தரலாம். அதே விதிகள் தங்கக் கட்டி மேலும் கோல்டு இ.டி.எஃப். மேலும் கடன் கொடுப்பதைத் தடுக்கின்றன. நள்ளிரவில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் மறுநாள் காலையில் கை கொடுப்பது வளையல்தான். இ.டி.எஃப்.-ஐ விற்றால் பணம் வங்கிக்கு வர ஓரிரு வேலைநாள் ஆகும், விற்றது விற்றதுதான்.

அந்த 25 பவுன் உண்மையில் 25 பவுன்தானா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீட்டில் எடை போடும்போது கல், அரக்கு, முத்து எல்லாம் சேர்ந்தே எடை காட்டும். பழைய நகை பலவற்றில் முத்திரை இருக்காது, 22 கேரட் என்று வாங்கியது அதற்குக் கீழே இருப்பதும் சகஜம். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கியவற்றில் ஆறு எழுத்து-எண் கொண்ட ஹால்மார்க் அடையாளக் குறியான HUID இருக்க வேண்டும், BIS Care செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். முத்திரை இல்லாததை ஹால்மார்க் மையத்தில் சோதித்துத் தரம் தெரிந்துகொள்ளுங்கள். நிகர எடை 22 பவுன் என்று வந்தால் குறைவது 3 பவுன். அந்த மூன்றை இ.டி.எஃப்.-ல் தனியாகச் சேர்த்து, கல்யாணம் நெருங்கும்போது விற்று அப்போதைய டிசைனில் நகை எடுக்கலாம். விற்கும்போது லாப வரி, வாங்கும்போது சேதாரம், ஜி.எஸ்.டி. எல்லாம் இருக்கும். எனவே 24 கிராமுக்கு 30 கிராம் அளவுக்குச் சேர்ப்பது பாதுகாப்பு.

இ.டி.எஃப். வாங்கத் தொடங்கும் அன்றே டீமேட் கணக்கில் மனைவியை நாமினியாகப் பதிவு செய்யுங்கள். எந்த நிறுவனத்தில் கணக்கு, என்ன எண் என்பதை ஒரு தாளில் எழுதி லாக்கர் சாவியோடு வையுங்கள்.